சராசரி மறைக்கும் 12 செக்கன்: கணினியின் வேகத்தை முகாமையாளரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு கணினி அமைப்பு எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்று முகாமையாளர் கேட்டால், அனேகமாக எல்லோரும் சராசரியைத்தான் சொல்வார்கள். "சராசரியாக முக்கால் செக்கனில் பதில் வருகிறது" என்பது கேட்பதற்கும் நன்றாக இருக்கும், கூட்டக் குறிப்பில் ஒரு வரியாக எழுதவும் வசதியாக இருக்கும். ஆனால் அந்த முக்கால் செக்கனை அனுபவித்த ஒருவரைக்கூட உங்களால் காட்ட முடியாமல் போகலாம். இதை நான் வேலை செய்த ஓர் இடத்தின் கணக்கைக் கொண்டே விளக்குகிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. கணக்கு இலகுவாக விளங்குவதற்காக எண்களைக் கிட்டத்தட்ட முழுமையாக்கி எழுதுகிறேன்.

அது வெளிநாடுகளிலிருந்து உறவினர்கள் அனுப்பும் பணத்தைக் கிளைகளில் வழங்கும் ஒரு சேவை. பணம் பெற வருபவர் இரகசிய இலக்கத்தையும் தேசிய அடையாள அட்டையையும் கருமபீடத்தில் கொடுப்பார். பணியாளர் இலக்கத்தைத் தட்டியதும் அனுப்பியவர் யார், தொகை எவ்வளவு, பெறுபவரின் பெயர் அட்டையிலுள்ள பெயரோடு பொருந்துகிறதா என்ற விவரங்கள் திரையில் வரவேண்டும். தட்டியதிலிருந்து விவரம் வரும்வரை ஆகும் நேரத்தைத்தான் நாங்கள் பதில் நேரம் என்று அளந்தோம்.

ஒரு நாளில் 1000 தேடல்கள் நடந்தன என்று வையுங்கள். அவற்றில் 900 தேடல்களுக்கு 0.3 செக்கன் எடுத்தது. 70 தேடல்களுக்கு 2 செக்கன். மீதி 30 தேடல்களுக்கு 12 செக்கன். எல்லாவற்றையும் கூட்டினால் 270, 140, 360 என்று மொத்தம் 770 செக்கன். 1000ஆல் வகுத்தால் சராசரி 0.77 செக்கன். அறிக்கையில் போனது இந்த எண்தான்.

ஆனால் 0.77 செக்கன் எடுத்த தேடல் அந்த நாளில் ஒன்றுகூட இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு அதைவிட மிக விரைவாகப் பதில் வந்தது. மீதிப் பேருக்கு அதைவிட மிகத் தாமதமாக வந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மொத்தம் 770 செக்கனில் 360 செக்கன், அதாவது ஏறக்குறையப் பாதி, வெறும் 30 தேடல்களுக்குச் செலவாகியிருக்கிறது. சராசரி அந்த 30 பேரின் காத்திருப்பை எடுத்து 1000 பேருக்கும் பங்கிட்டு, யாருக்கும் வலிக்காத ஓர் அளவாக மாற்றிவிடுகிறது.

இதற்கு மாற்றாக இருப்பது சதமணை. சாதாரண தரக் கணிதத்தில் காலணை படித்தவர்களுக்கு இது புதிதல்ல. நான்காகப் பிரிப்பதற்குப் பதில் நூறாகப் பிரிக்கிறோம், அவ்வளவுதான். 1000 பதில் நேரங்களையும் குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசையாக அடுக்குங்கள். 500ஆவது இடத்தில் நிற்கும் எண் 50ஆவது சதமணை, அதாவது இடையம். 950ஆவது இடத்தில் நிற்பது 95ஆவது சதமணை. 990ஆவது இடத்தில் நிற்பது 99ஆவது சதமணை. எங்கள் கணக்கில் இவை முறையே 0.3, 2, 12 செக்கன்கள். விரிதாளில் எண்கள் இருந்தால் இதற்கு ஒரு வரி போதும்:

```
=PERCENTILE.INC(A2:A1001,0.95)
```

முகாமையாளரிடம் "99ஆவது சதமணை 12 செக்கன்" என்று மட்டும் சொன்னால் அவர் முகத்தில் எந்த மாற்றமும் வராது. அதே விடயத்தை "ஒவ்வொரு நூறு பேரிலும் ஒருவராவது 12 செக்கனோ அதற்கு மேலோ காத்திருக்கிறார்" என்று சொன்னால் அடுத்த கேள்வி அவரிடமிருந்தே வரும். ஒரு கருமபீடத்தில் நாளுக்கு 60 பேர் வருகிறார்கள், நூற்றுக்கு மூன்று தேடல்கள் தாமதமாகின்றன என்றால், ஒவ்வொரு பணியாளருக்கும் நாளுக்கு ஏறக்குறைய இரண்டு தடவை திரை உறைந்து நிற்கிறது. வீதத்தை ஆட்களாக மாற்றிச் சொல்வதுதான் என் வழக்கம்.

சராசரி தவறான முடிவுக்கும் கொண்டுபோகும். முதலில் எங்களிடம் இருந்த திட்டம், அன்றைய நாணயமாற்று விகிதம் போன்ற பொது விவரங்களைக் கிளைக் கணினியிலேயே சேமித்துவைப்பது. அதனால் ஒவ்வொரு தேடலிலும் 0.2 செக்கன் மிச்சமாகும். சராசரி 0.77இலிருந்து 0.57 செக்கனாக இறங்கும். கால்வாசிக்கு மேல் முன்னேற்றம் என்று பெருமையாக அறிக்கை எழுதலாம். ஆனால் 12 செக்கன் காத்திருந்தவர் இனி 11.8 செக்கன் காத்திருப்பார்.

வேகமான புதிய சேர்வர் வாங்கலாம் என்ற யோசனையும் மேசையில் இருந்தது. தேடல்கள் எல்லாம் இரண்டு மடங்கு விரைவானாலும் 12 செக்கன் 6 ஆகுமே தவிர, காரணம் அப்படியே இருக்கும். ஆகவே அந்த 30 பேர் யார் என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

சதமணையின் உண்மையான பயன் இங்கேதான் தொடங்குகிறது. எண்களை வரிசைப்படுத்தியவுடன் மிகத் தாமதமானவை எல்லாம் அடியில் ஒன்றாக வந்து நிற்கும். அவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடலாம். வன்னிக் கிளை ஒன்றில் பணியாற்றிய தங்கை ஒருத்தி இதைப் பதிவேடு பார்க்காமலே தொலைபேசியில் சொன்னார்: "அண்ணா, எல்லாருக்கும் கெதியா வருது. மாசாமாசம் வாற வயதுபோன அம்மாமாருக்குத்தான் சுத்திக்கொண்டு நிக்குது."

அவர் சொன்னது சரி. அனுப்புபவர் வெளிநாட்டில் எழுதும் பெயருக்கும் அடையாள அட்டையில் இருக்கும் பெயருக்கும் ஆங்கில எழுத்தில் ஒரு வித்தியாசம் இருப்பது எங்களிடையே சாதாரணம். சிவபாக்கியம் என்ற பெயரில் 'வி' போடுவதா 'டபிள்யூ' போடுவதா என்பதை அம்மா ஒருமாதிரியும் மகன் வேறுமாதிரியும் முடிவுசெய்திருப்பார்கள். பெயர் அச்சொட்டாகப் பொருந்தினால் மென்பொருள் உடனே விவரத்தைக் காட்டிவிடும். பொருந்தாவிட்டால், அவர் முன்பு பெற்ற ஒவ்வொரு கொடுப்பனவையும் தனித்தனியாகத் தேடி எடுத்து, அப்போது எந்த எழுத்தில் பெயர் இருந்தது என்று ஒப்பிடும். அந்தப் பழைய பதிவுகளின் அட்டவணைக்குச் சுட்டி போடப்பட்டிருக்கவில்லை. சுட்டி இல்லையென்றால், பொருளடக்கம் இல்லாத புத்தகத்தில் ஒரு பெயரைத் தேடுவதுபோல, ஒவ்வொரு தேடலுக்கும் தரவுத்தளம் முழு அட்டவணையையும் முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கும். ஒரு தேடலுக்கு 0.2 செக்கன். ஐந்து வருடமாக மாதம் ஒரு தடவை பணம் பெற்றவருக்கு 60 பழைய பதிவுகள். 60ஐ 0.2ஆல் பெருக்கினால் 12 செக்கன்.

ஆக, தாமதம் கண்டபடி யார் தலையிலும் விழவில்லை. சேவையை நீண்டகாலமாக, அதிகமாகப் பயன்படுத்துபவர்கள்மேல்தான் விழுந்தது. இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. அமேசன் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் டைனமோ என்ற தரவுச் சேமிப்பு முறைபற்றி 2007இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், சேவையின் வேகத்தைச் சராசரியால் அளக்காமல் 99.9ஆவது சதமணையால் அளப்பதாக எழுதியிருக்கிறார்கள். நீண்ட கொள்வனவு வரலாறு உள்ள வாடிக்கையாளர்களுக்கு அதிகச் செயலாக்கம் தேவைப்படுவதால் அவர்கள் தாமதப் பக்கத்தில் போய் நிற்பார்கள் என்பதும், சராசரியோ இடையமோ அவர்களைக் காட்டாது என்பதும் அவர்கள் சொன்ன காரணங்கள்.

ஆனால் சதமணையும் பொய் சொல்லக்கூடும். பதிவேட்டில் இல்லாதவர்களை அதனால் எண்ண முடியாது. எங்கள் மென்பொருள் 15 செக்கன்வரை காத்திருந்துவிட்டு, பதில் வராவிட்டால் தேடலைக் கைவிடும். அப்படிக் கைவிடப்பட்ட தேடல்கள் வழுக்களுக்கான வேறொரு கோப்பில் எழுதப்பட்டனவே தவிர, பதில் நேரப் பதிவேட்டில் சேரவில்லை. 15 செக்கனை 0.2ஆல் வகுத்துப் பாருங்கள்: 75. அதாவது 75 பழைய பதிவுகளுக்கு மேல் உள்ள ஒருவருக்குப் பெயர் எழுத்து மாறியிருந்தால், அவருக்குப் பதில் வரவே வராது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் கணக்கிலேயே இல்லை. பணியாளர் மீண்டும் மீண்டும் தட்டிப் பார்ப்பார், தரவுத்தளத்தின் சுமை இன்னும் கூடும், கடைசியில் "சிஸ்டம் வேலை செய்யேல்லை அம்மா, நாளைக்கு வாங்கோ" என்று அனுப்பிவிடுவார். அந்த அம்மாவுக்கு அது இரண்டு பேருந்துக் கட்டணமும் ஒரு நாளும்.

வழுக் கோப்பில் அன்றைய நாளுக்கு 20 தேடல்கள் இருந்தன என்று கொள்வோம். அவற்றைச் சேர்த்தால் மொத்தம் 1020. இப்போது 99ஆவது சதமணை 1010ஆவது இடத்தில் வருகிறது. அது கைவிடப்பட்ட தேடல்களுக்குள் விழுகிறது. எனவே அறிக்கையில் எழுத வேண்டியது "12 செக்கன்" அல்ல, "15 செக்கனுக்கு மேல், பதில் கிடைக்கவில்லை" என்பது. யாராவது உங்களிடம் சதமணை அறிக்கை தந்தால் முதலில் கேட்க வேண்டியது, தோல்வியுற்றவையும் இதற்குள் இருக்கின்றனவா என்பதுதான்.

இன்னொரு பிழை முகாமையாளர் மட்டத்தில் அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு கிளையும் தன் 95ஆவது சதமணையை அனுப்பும். தலைமையகத்தில் அவற்றைக் கூட்டிக் கிளைகளின் எண்ணிக்கையால் வகுத்து, "நிறுவனத்தின் சதமணை" என்று போடுவார்கள். 900 தேடல்கள் நடந்த கொழும்புக் கிளையின் எண் 0.4, 100 தேடல்கள் நடந்த ஒரு வன்னிக் கிளையின் எண் 12 என்றால், இரண்டின் நடுவான 6.2 என்பது எவருடைய அனுபவமும் அல்ல. சதமணைகளைச் சராசரியாக்கவே முடியாது. எல்லாக் கிளைகளின் மூல நேரங்களையும் ஒன்றாக அடுக்கி மறுபடி எண்ண வேண்டும், அல்லது கிளைவாரியாகத் தனித்தனியே காட்ட வேண்டும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. சிறிய கிளையின் துன்பம் பெரிய கிளையின் எண்ணிக்கைக்குள் அமுங்கிப்போகாது.

தேடல்கள் மிகக் குறைவான இடத்தில் 99ஆவது சதமணை கேட்பதிலும் பொருளில்லை. நாளுக்கு 50 தேடல் என்றால் அது அன்றைய மிகத் தாமதமான ஒரே ஒரு தேடல்தான். அங்கே ஒரு மாதத் தேடல்களைச் சேர்த்துக் கணக்கிடலாம், அல்லது 5 செக்கனுக்கு மேல் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று நேரடியாக எண்ணலாம். சராசரியை நான் முற்றாகத் தூக்கி எறிவதுமில்லை. ஒரு செக்கனுக்கு எத்தனை தேடல்கள் வருகின்றன என்பதைச் சராசரி நேரத்தால் பெருக்கினால், ஒரே வேளையில் சேர்வருக்குள் எத்தனை தேடல்கள் நிற்கின்றன என்பது தெரியும். கொள்ளளவைத் திட்டமிட அது வேண்டும். மனிதர் எவ்வளவு காத்திருந்தார் என்பதற்கு அது பதிலல்ல.

எங்கள் கதையில் சேர்வர் வாங்கப்படவில்லை. பழைய பதிவுகளின் அட்டவணைக்குச் சுட்டி போடப்பட்டது. 60 தனித் தேடல்கள் ஒரே வினவலாக மாற்றப்பட்டன. அம்மாமாரின் தேடலும் ஒரு செக்கனுக்குள் வந்தது. அதன் பிறகு மாத அறிக்கையில் ஒவ்வொரு கிளைக்கும் நான்கு எண்கள் போயின: மொத்தத் தேடல்கள், இடையம், 99ஆவது சதமணை, பதிலே கிடைக்காதவர்களின் எண்ணிக்கை. முகாமையாளர் கடைசி எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்.