டைமர் சுழற்சி
தடையின்றி ஓடும் டைமர், உச்ச எண்ணைத் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்புவது. ஆர்டுயினோவின் `millis()` தரும் 32 பிட் எண்ணுக்கு ஏறத்தாழ 49.7 நாளுக்கு ஒருமுறை இது நேரும்.

தொடக்கம் 4294967290, இப்போது 4 என்று வைப்போம். குறியில்லா எண்களில் கழித்தால் விடை மைனசுக்குப் போகாது; 2³² தானாகவே கூடி, சரியாக 10 மில்லிவினாடி கிடைக்கும். கடிகாரத்தில் 11 மணியிலிருந்து 2 மணிவரை மூன்று மணி நேரம் என்று எண்ணுகிறோமே, அதே கணக்குதான்.

```
if (millis() - start >= 10)
```

பலர் எழுதும் `millis() >= start + 10` இங்கே கவிழும்: கூட்டலே சுழன்று 4 ஆகிவிடுவதால், காத்திருக்காமல் உடனே நிபந்தனை நிறைவேறிவிடும். சோதனை மேசையில் இந்தப் பிழை அகப்படுவதும் அரிது. ஐம்பது நாள் யார் காத்திருப்பது? ஆனால் இடைவெளி ஒரு முழுச் சுற்றை எட்டினால் கழித்தலும் உதவாது. கடந்த சுற்றுகளை அது அறியாது.