சவாரி நோட்டும் ஓட்ட நோட்டும்

இரண்டு மூன்று ஆட்டோ வைத்து ஆள் போட்டு ஓட்டுகிறவர்கள் ராத்திரி கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு வசூல் எவ்வளவுப்பா?" அந்தப் பதிலை மட்டும் எழுதி வைப்பது சவாரி நோட்டு. வண்டி எடுக்கும்போதும் விடும்போதும் இருந்த கிலோமீட்டர் ரீடிங்கையும், போட்ட கேஸையும் எழுதி வைப்பது ஓட்ட நோட்டு. பெரும்பாலோரிடம் முதலாவது இருக்கும். இரண்டாவது கேஸ் பில்லோடு சட்டைப் பையில் கசங்கிக் கிடக்கும்.

சென்னையில் ஒரே நாளில் ஓடிய இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள்தான், ஆனால் நடப்புக்குப் புறம்பானவை அல்ல. முதல் வண்டி பெரம்பூர்ப் பக்கம் ஆப் அழைப்புகளைத் துரத்தி ஓடியது: 18 சவாரி, 1,640 ரூபாய். இரண்டாவது எழும்பூர் ஸ்டாண்டில் முறை வரும்வரை நின்று ஓடியது: 11 சவாரி, 1,420 ரூபாய். சவாரி நோட்டை நம்பும் முதலாளி முதல் ஓட்டுநரைத் தட்டிக்கொடுத்து, இரண்டாமவரிடம் "நின்னுக்கிட்டே இருந்தியா?" என்று முறைப்பார்.

ஓட்ட நோட்டைத் திறந்தால் கதை மாறுகிறது. முதல் வண்டி 168 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் ஆளை ஏற்றிப் போனது 92. மீதி 76 காலி ஓட்டம். சவாரியை ஏற்றப் போவதற்கும், இறக்கிவிட்டு வெறுமனே திரும்புவதற்கும் போன தூரம் அது. இரண்டாவது வண்டி 104 ஓடியதில் காலி 28தான். கேஸ் கிலோ 90 ரூபாய் என்றால் முன்னதற்கு 6 கிலோ, 540 ரூபாய். பின்னதற்கு 4 கிலோ, 360. டயர், ஆயில், பிரேக், கிளட்ச் கேபிள் எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் தேய்மானம் ஒதுக்கினால் 252, 156. கழித்துப் பார்த்தால் முதல் வண்டியில் 848 நிற்கிறது, இரண்டாவதில் 904.

இதோடு முடியவில்லை. வசூலில் நூற்றுக்கு 40 ஓட்டுநருக்கு, கேஸ் முதலாளி செலவு என்று பேசியிருந்தால், முதல் ஓட்டுநர் 656 வாங்கிக்கொண்டு போகிறார். முதலாளிக்கு மிஞ்சுவது 192. இரண்டாமவருக்கு 568, முதலாளிக்கு 336. முதல் ஓட்டுநர் ஏமாற்றவில்லை. காலியாக எவ்வளவு ஓடினாலும் அவர் கையிலிருந்து காசு போகாதபடி பேச்சு அமைந்திருக்கிறது, அவர் ஓடுகிறார். கேஸைக் கழித்துவிட்டு மிச்சத்தில் 40 என்று பேசினால் 440, 424 ஆகும். இரண்டு பேருக்கும் இடையே 88 ரூபாயாக இருந்த வித்தியாசம் 16க்கு வந்துவிடும். ஆனால் இருவர் கூலியும் ஏகமாக இறங்குவதால், 40 என்ற விகிதத்தை உயர்த்தாமல் இந்த மாற்றத்தைப் பேச முடியாது. எந்த ஓட்டுநரும் ஒப்ப மாட்டார்.

ஓட்ட நோட்டும் தானாக உண்மை பேசிவிடாது. மீட்டர் கேபிள் அறுந்தால், அல்லது கழற்றிவிட்டால், ரீடிங் நின்றுவிடும். அதைக் கேஸ் காட்டிக்கொடுக்கும்: 6 கிலோ போட்ட வண்டி 104 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் கிலோவுக்கு 17 சொச்சம், வழக்கமாக 26, 28 கொடுக்கும் வண்டிக்கு இது பொருந்தாது. எஞ்சினில் கோளாறா, கேபிளா என்று அன்றே பார்க்கலாம். இந்தச் சோதனை செல்லுபடியாக வேண்டுமானால் தினமும் வண்டி விடும் முன் டேங்க் ஃபுல் போட வேண்டும். இருநூறுக்கும் முந்நூறுக்கும் போட்டால் பில் வேறு, எரிந்தது வேறு. நேற்று விட்ட ரீடிங்கும் இன்று எடுத்த ரீடிங்கும் ஒன்றாக இல்லாவிட்டால், இடையில் யாரோ வண்டி எடுத்திருக்கிறார்கள்.

ஆள் ஏற்றிய தூரத்தைப் பிடிப்பதுதான் சிரமம். ஆப் சவாரிக்குத் தூரம் போனிலேயே இருக்கும். ஸ்டாண்டு சவாரிக்கு எழுதச் சொன்னால் ராத்திரி உட்கார்ந்து குத்துமதிப்பாக நிரப்புவார்கள். மாதத்தில் ஒரு வாரம் மட்டும் ஏற்றும்போதும் இறக்கும்போதும் ரீடிங் குறிக்கச் சொன்னால் போதும். காலி ஓட்டத்தின் பங்கு தெரிந்துவிடும்.

சவாரி நோட்டு ஜெயிக்கிற இடமும் உண்டு. ரொக்கமா, ஓட்டுநர் போனுக்கு வந்ததா, முதலாளி க்யூஆரில் விழுந்ததா என்பதை ஓட்ட நோட்டு சொல்லாது. ராத்திரி ஷிஃப்டில் தகராறு வருவது இங்கேதான்: ஆப் கணக்கு நள்ளிரவில் தேதி மாறிவிடும், சாயங்காலம் எடுத்த வண்டி இரண்டு மணிக்குத்தான் வரும். ஷிஃப்ட் எடுத்த தேதியிலேயே எல்லாச் சவாரியையும் எழுதினால் பாதிச் சண்டை குறையும்.

நாள் வாடகைக்கு விடுகிறவருக்குச் சவாரி நோட்டு தேவையே இல்லை. கேஸும் காலி ஓட்டமும் ஓட்டுநர் பாடு. முதலாளி பார்க்க வேண்டியது ரீடிங் ஒன்றைத்தான். வாங்கும் வாடகை ஒன்றே ஆனாலும், 168 ஓடிய வண்டிக்கு டயர் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும்.