நறுமணத் தைலத்தின் வலுக் குறைத்தல்

லாவெண்டர், நீலகிரித் தைலம் போன்ற செறிந்த தைலங்களைத் தோலில் தடவும் முன் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றில் கலக்கும் முறை. ஒரு மில்லிக்கு ஏறத்தாழ 20 சொட்டு என்று கொண்டால், 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 12 சொட்டு லாவெண்டர் 2 சதவீதமாகும். பெரியவர்களுக்கு இது போதும். எளிதில் சிவக்கும் தோலுக்கு 6 சொட்டும், இரண்டு வயதைக் கடந்த குழந்தைக்கு 3 சொட்டும் விடலாம். அதற்கும் சிறிய குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் தடவக் கூடாது. நீலகிரித் தைலத்தையோ சிறுபிள்ளைகளின் முகத்தருகே கொண்டுபோகவே கூடாது, மூச்சுத் திணறலாம்.

கலவையை முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒருநாள் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ கண்டால் வெறும் எண்ணெயால் துடைத்துச் சோப்பிட்டுக் கழுவலாம். தண்ணீரில் தைலம் கரையாது.