மதாம் லெ திரெக்தர்: ஒரு சிற்றெழுத்துக்காக நடந்த நீண்ட சண்டை

நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் பிரான்ஸில் படிக்க விண்ணப்பிக்கிறார்கள். அங்குள்ள நிறுவனத்தின் பணிப்பாளர் ஒரு பெண் என்றால், மின்னஞ்சலின் முதல் வரியிலேயே பலர் தடுமாறுகிறார்கள். நமக்குப் பணிப்பாளர் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பிரெஞ்சில் அப்படி இல்லை. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் ஆண்பாலுக்கு 'லெ', பெண்பாலுக்கு 'லா' என்று ஒரு சிறு சொல் வரும். ஆண் பணிப்பாளர் 'லெ திரெக்தர்', பெண் 'லா திரெக்த்ரிஸ்'.

இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று நாம் நினைப்போம். திரெக்த்ரிஸ் ஒன்றும் புதிதாகச் செய்த சொல் அல்ல. 1880ஆம் ஆண்டுச் சட்டம் பெண்பிள்ளைகளுக்கு அரச இடைநிலைக் கல்வியைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டே அவர்களுக்கு ஆசிரியைகளைப் பயிற்றுவிக்க செவ்ர் என்ற இடத்தில் உயர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. அதை 1896இல் இறக்கும் வரை நடத்திய ஜூலி ஃபாவ்ர் அம்மையாரை திரெக்த்ரிஸ் என்றே அழைத்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஆனால் பெண்கள் பாடசாலையைத் தாண்டி அமைச்சுத் திணைக்களங்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் தலைமை ஏற்றபோது, அதே சொல் சிறுத்துப்போனது. திரெக்த்ரிஸ் என்றால் பள்ளிக்கூடத்து அம்மா. திணைக்களத் தலைவி என்றால் 'மதாம் லெ திரெக்தர்', அதாவது 'அம்மையார் அவர் (ஆண்) பணிப்பாளர்'! பெண்களில் பலரும் அதையே கௌரவமாக எண்ணினார்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தூதுவருக்குரிய பெண்பாற்சொல் முன்பு தூதுவரின் மனைவியையே குறித்தது. மாவட்ட ஆளுநருக்கும் அப்படித்தான். தானே உழைத்துப் பதவிக்கு வந்த பெண், யாரோ ஒருவரின் மனைவியாகத் தெரிய விரும்புவாரா?

1984இல் அமைச்சர் இவெத் ரூதி, எழுத்தாளர் பெனுவாத் குரூல் தலைமையில் பதவிப்பெயர்களை ஆராய ஓர் ஆணைக்குழுவை அமைத்தார். பிரெஞ்சு அகாதமி உடனே எதிர்த்தது. ஆண்பால் வடிவம் இருபாலுக்கும் பொதுவானது என்பது அதன் வாதம். 1986 மார்ச் 11இல் பிரதமர் ஃபபியுஸ் பெண்பால் வடிவங்களைப் பயன்படுத்தும்படி சுற்றுநிருபம் விடுத்தார். ஐந்தே நாளில் தேர்தலில் தோற்றார். சுற்றுநிருபம் கோப்புக்குள் தூங்கியது. (சுற்றுநிருபங்களின் தலைவிதி எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும்.) 1997இல் ஜொஸ்பன் அரசின் பெண் அமைச்சர்கள் தங்களை 'மதாம் லா மினிஸ்த்ர்' என்று அழைக்கச் சொன்ன பிறகு, 1998 மார்ச்சில் அது மீண்டும் உயிர் பெற்றது.

அப்போதும் முடியவில்லை. 2014 ஒக்டோபரில் பாராளுமன்ற அமர்வுக்குத் தலைமை தாங்கிய சாந்த்ரின் மஸெத்தியேயை, ழூலியன் ஒபேர் என்ற உறுப்பினர் 'மதாம் லெ பிரெஸிதான்' என்று அழைத்தார். அவர் திருத்தினார். உறுப்பினர் அகாதமியைச் சாட்சிக்கு இழுத்து, அதையே மீண்டும் சொன்னார். விளைவு, மாதக் கொடுப்பனவில் காற்பங்கு, 1,378 யூரோ, வெட்டப்பட்டது. 'லா' என்று சொல்ல மறுத்ததற்கான விலை அது. 2019 பெப்ரவரி 28இல்தான் அகாதமி பெண்பால் வடிவங்களை ஏற்றுக்கொண்டது.

ஆகவே இன்று எழுத வேண்டியது இதுதான்:

```
Madame la Directrice,

Je vous prie d'agréer, Madame la Directrice,
l'expression de ma considération distinguée.
```

முதல் வரி விளிப்பு. மற்றது கடிதத்தின் கடைசி வாக்கியம். தொடக்கத்தில் எப்படி விளித்தோமோ, முடிவிலும் எழுத்துப் பிசகாமல் அப்படியே வர வேண்டும். மேலே பெண்பாலும் கீழே பழைய மாதிரிக் கடிதத்திலிருந்து வந்த ஆண்பாலுமாக இருந்தால், பிரதி செய்தது உடனே தெரிந்துவிடும். விளிப்பில் அவருடைய பெயரைச் சேர்ப்பதில்லை. `Mme` என்ற சுருக்கமும் அங்கே கூடாது. முழுச்சொல்லாக எழுதுவதே மரியாதை. `Madame le Directrice` என்ற கலவை எந்தக் காலத்திலும் சரியாக இருந்ததில்லை.

ஒரு விதிவிலக்கு. அவர் முன்பு அனுப்பிய மின்னஞ்சல் இருந்தால் கையொப்பத்தின் கீழே பாருங்கள். சில மூத்த பெண் அதிகாரிகள் இன்றும் `Directeur` என்றே கையொப்பமிடுகிறார்கள். அவர்களிடம் நாம் இலக்கணம் பேசப் போக வேண்டியதில்லை. `Madame,` என்று மட்டும் தொடங்கினால் இரு பக்கத்துக்கும் பழுதில்லை.

எழுதும் பிள்ளை பெண் என்றால் தன் பாலையும் கவனிக்க வேண்டும். 'நன்றியுடையவளாக இருப்பேன்' என்பதற்கு அவள் `reconnaissante` என்று எழுதுவாள். தம்பி எழுதினால் கடைசி `e` வராது.