இகர விகுதியின் எழுச்சி: தமிழ்ச் சொல்லாக்கத்தில் ஆக்கத்திறனும் தடுப்பும்

பள்ளி இலக்கண நூல்கள் தொழிற்பெயர் விகுதிகளை ஒரே வரிசையில் பட்டியலிடுகின்றன. அந்த வரிசையில் -தல், -காடு இரண்டும் சமமாக உட்கார்ந்திருக்கும். ஆனால் -தல் எந்த வினையோடும் ஒட்டும். நேற்று வந்த வினையையும் விடாது. -காடு அப்படியல்ல. சாக்காடு, நோக்காடு, வேக்காடு என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தடுமாற வேண்டியதுதான். இம்மூன்றின் பகுதிகளையும் பார்த்தால் ஒரு சங்கதி தெரியும்: சா, நோ, வே ஆகிய மூன்றும் நெட்டுயிரில் முடியும் ஓரெழுத்து வினைகள். அந்த வகை வினைகளே தமிழில் கொஞ்சம்; புதிதாகப் பிறப்பதும் இல்லை. விகுதியைப் பட்டினி போட்டது அதன் பகுதிதான்.

ஒரு விகுதி புதுச் சொற்களைப் பெற்றுத்தரும் ஆற்றலை ஆக்கத்திறன் என்கிறோம். ஏற்கெனவே இருக்கும் ஒரு சொல், அதே பொருளில் வரவேண்டிய இன்னொன்றை வரவிடாமல் செய்வது தடுப்பு. இரண்டையும் இணைத்துப் பேசிய நூல்களில் முதன்மையானது மார்க் அரோனாஃப் 1976இல் வெளியிட்ட சொல்லாக்க நூல். ஆங்கிலத்தில் 'குளோரி' என்ற சொல் இருப்பதால் 'குளோரியாசிட்டி' பிறக்கவில்லை, ஆனால் 'குளோரியஸ்னெஸ்' பிறக்கத் தடையில்லை என்று அவர் காட்டினார். முழு ஆக்கத்திறன் கொண்ட விகுதியால் வரும் சொற்களை மனம் பட்டியலாகச் சேமிப்பதில்லை, தேவைப்படும்போது ஆக்கிக்கொள்கிறது. சேமிப்பில் இடமே கேட்காததை யாரும் தடுக்க முடியாது. சாக்காடு இருந்தும் சாதல் இருக்கிறது, நோக்காடு இருந்தும் நோதல் இருக்கிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

தொழிற்பெயர்களை விட்டு இகர விகுதிக்கு வருகிறேன். ஒரு விகுதி தன் இடத்தை நூற்றாண்டுகளாக மாற்றிக்கொண்ட வரலாறு அதில்தான் தெளிவாகத் தெரிகிறது.

பழைய தமிழில் -இ எவ்வகைப் பெயருக்கும் உதவியது. அலர்வது அலரி, ஊரார் உண்பது ஊருணி, மண்ணை வெட்ட உதவுவது மண்வெட்டி. வினைமுதல், செயப்படுபொருள், கருவி என்ற மூன்று பொருளும் ஒரே விகுதியில் கிடந்தன. குறளில் நெருப்புக்குப் பெயராக வரும் சேர்ந்தாரைக்கொல்லி இதே வார்ப்புதான். ஊர்மக்களும் தங்கள் பங்குக்கு மரங்கொத்தி, மீன்கொத்தி, தொட்டாற்சுருங்கி என்று பறவைக்கும் செடிக்கும் பெயர் வைத்தார்கள். நாடோடி, கூத்தாடி, தேரோட்டி, வழிகாட்டி என ஆட்களுக்கும் அது பயன்பட்டது.

இன்று புதிதாக ஒரு தொழில் தோன்றினால் அதைச் செய்பவருக்கு -இ போட்டுப் பெயர் வைப்பாரில்லை. பேருந்து வந்தபோது ஓட்டுபவர் ஓட்டுநர் ஆனார், சீட்டுக் கொடுப்பவர் நடத்துநர் ஆனார். காரணம் மரியாதை என்றே எனக்குத் தோன்றுகிறது. -இ தன்னுள் பாலையோ பன்மையையோ காட்டுவதில்லை. ஆளைச் சுட்டும்போது '-அர்' இல்லாத பெயர் நம் காதுக்குக் குறைவாகவே படுகிறது. கூத்தாடி, சோம்பேறி போன்றவற்றில் இகரத்தோடு இளக்காரமும் சேர்ந்துகொண்டது. அந்த இடத்தை -ஆளர், -காரர், -நர் பங்கிட்டுக்கொண்டன. இவற்றில் -நர் தனிக் கதை. பொருநர் போன்ற பழஞ்சொற்களில் உறைந்து கிடந்த அது, இருபதாம் நூற்றாண்டில் எழுந்து இயக்குநர், பெறுநர், அனுப்புநர் என்று பெருகிவிட்டது. ஆக்கத்திறன் போனால் போனதுதான் என்பதில்லை. பலர் அதை 'ஓட்டுனர்' என்று எழுதுவது, விகுதி திரும்பி வந்தும் அதன் உருவம் மனத்தில் சரியாகப் பதியவில்லை என்பதைக் காட்டுகிறது. இலங்கையிலோ ஓட்டுநருக்குத் தேவையே எழவில்லை. அங்கே வண்டி ஓட்டுபவர் சாரதி. நாட்டுக்கு நாடு தடுக்கும் சொல் மாறினால் பிறக்கும் சொல்லும் மாறும்.

ஆட்களிடமிருந்து விலகிய -இ கருவிகளின் பக்கம் முழு வேகத்தில் பாய்ந்தது. சுமைதாங்கிக் கல்லைப் பார்த்தவர்களுக்கு இடிதாங்கி என்ற பெயர் விளக்கம் கேட்கவில்லை. கடத்தி, குறைகடத்தி, மின்மாற்றி, ஒலிபெருக்கி, நுண்ணோக்கி, குளிரூட்டி, உலாவி என்று வரிசை நீள்கிறது. வினை தன்வினையா பிறவினையா என்பதைக்கூட விகுதி அப்படியே கடத்திவிடுகிறது: தானே மாறுவது மாறி, மாற்றுவது மாற்றி. பொருள் இவ்வளவு வெளிப்படையாக இருப்பதே இந்த விகுதியின் பலம்.

ஆனாலும் அது எங்கும் ஒட்டிவிடாது. முதல் தடை ஒலி. -இ வசதியாக ஏறுவது உகரத்தில் முடியும் வினைகளின்மேல்; கொல், உண் போன்ற மெய்யீற்று வினைகளும் இடம் தரும். அழி, வடி, துடை போன்றவை இகரத்திலும் ஐகாரத்திலும் முடிவதால் அங்கே -இ ஒட்ட இடமில்லை. அங்கெல்லாம் -ப்பான் வந்து அழிப்பான், வடிப்பான், துடைப்பான் என்று வேலையை முடிக்கிறது.

இரண்டாவது தடை சொல்லிலேயே இருக்கிறது. வெட்டும் கருவியைத் தனியே வெட்டி என்று சொல்ல முடிவதில்லை. சோழர் கல்வெட்டுகளில் ஊதியமில்லா உழைப்பைக் குறித்த வெட்டி, இன்று வெட்டிப்பேச்சில் வீண் என்பதைக் குறித்துக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. அதனால் மண்வெட்டி, பாக்குவெட்டி என்று துணைச்சொல்லோடுதான் அது வரும். ஆடி, பாடி, ஓடி எல்லாவற்றுக்கும் இதே சிக்கல்: விகுதி சேர்ந்ததும் உருவம் வினையெச்சத்தைப் போலாகிவிடுகிறது. முன்னால் ஒரு பெயர் நின்றால் குழப்பம் தீரும். நாட்காட்டி, திசைகாட்டி போன்ற கூட்டுச்சொற்களில் இந்த விகுதி அவ்வளவு செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரு தடைகளும் ஒரே சொல்லில் மோதிய இடம் கணினி. கணி என்ற வினை இகரத்தில் முடிகிறது. இன்னோர் இகரம் சேர்த்தால் அது முன்னதிலேயே கரைந்துபோகும். கரைந்து நிற்கும் கணி என்ற உருவமோ சோதிடருக்குப் பழைய பெயர். கணியன் பூங்குன்றனார் பெயரில் நாம் அறிந்த சொல்லின் உறவு. அதனால் நடுவில் னகரத்தை நுழைத்துக் கணினி ஆக்கினார்கள். இலக்கண விதிப்படி அந்த னகரத்துக்குக் கணக்குச் சொல்வது கடினம். இருந்தும் சொல் நின்றுவிட்டது. காதுக்கு வேண்டிய இகரம் கடைசியில் கேட்கிறதே, அது போதுமாயிருந்தது.

ஒரு விகுதி உயிரோடிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கவும் வழியுண்டு. நெதர்லாந்து ஆய்வாளர் ஹரால்ட் பாயன் 1980களின் இறுதியிலிருந்து வளர்த்த முறை அது. பெரிய உரைத்தொகுப்பு ஒன்றில் அந்த விகுதி கொண்ட சொற்கள் மொத்தம் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணவேண்டும். அவற்றுள் ஒரே ஒருமுறை தலைகாட்டிய சொற்கள் எத்தனை என்றும் எண்ணி, பின்னதை முன்னதால் வகுக்கவேண்டும். ஒருமுறை வரும் சொற்களில் பல அப்போதுதான் ஆக்கப்பட்டவை என்பதால் விடை பெரிதாக இருந்தால் விகுதி உயிரோடிருக்கிறது. தமிழில் இதைச் செய்யும்போது ஒரு பொறி காத்திருக்கிறது: ஓடி, காட்டி, மாற்றி என்ற வினையெச்சங்கள் இகரப் பெயர்களோடு கலந்து எண்ணிக்கையைக் கெடுத்துவிடும். சூழலைப் பார்த்துக் கையால் பிரித்தெடுக்காமல் கிடைக்கும் எண்ணை நம்பக்கூடாது.

அண்மையில் -இ தன் எல்லையையும் தாண்டியிருக்கிறது. உயிரி, செயலி ஆகியவற்றில் அது வினையை விட்டுப் பெயரில் ஏறியிருக்கிறது. செயலியில் தடுப்பும் வேலை செய்யவில்லை: நுண்செயலி என்று கணினியின் உறுப்புக்கு வழங்கிய சொல்லையே கைப்பேசியில் நிறுவும் மென்பொருளுக்கும் வைத்தோம். இரண்டும் ஒரே பாடநூலில் அடுத்தடுத்த பக்கங்களில் வரக்கூடியவை. கலைச்சொல் ஆக்குவோர், விகுதி ஒட்டுகிறதா என்று பார்ப்பதற்கு முன் அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.