குறிப்பால் உணர்த்தும் எழுத்து: நெருக்கடி நிலைக்காலத் தணிக்கை (1975–1977)

தணிக்கை நடப்பிலிருக்கும் காலத்தில், நேரே சொல்ல முடியாத ஒன்றை அனுமதிக்கப்பட்ட வேறொரு செய்தியின் வடிவில் வைத்து வாசகரிடம் சேர்ப்பதே குறிப்பால் உணர்த்தும் எழுத்து. இத்தகைய எழுத்துக்கு எப்போதும் இரண்டு வாசகர்கள் உண்டு. ஒருவர் தணிக்கை அதிகாரி. அவர் படித்து முடிக்கும்போது அடிப்பதற்குக் காரணம் எதுவும் கிடைக்கக் கூடாது. மற்றவர் பத்திரிகையை வாங்குகிறவர். அதே வரிகளில் அவருக்குச் செய்தி கிடைத்தாக வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் ஒன்றையொன்று இழுக்கின்றன. மறைவு கூடினால் வாசகர் தவறவிடுவார். குறைந்தால் அதிகாரி பிடித்துவிடுவார். இந்தியாவில் நெருக்கடி நிலை நடந்த 21 மாதங்களில் இது எப்படி எழுதப்பட்டது, எப்படிப் படிக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

தணிக்கை நடந்த முறை

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனம் கையெழுத்தானது. அன்றிரவே டெல்லியில் நாளிதழ்கள் நிறைந்த பகதூர் ஷா ஜாஃபர் சாலைக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. மறுநாள், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் 48ஆம் விதியைக் கொண்டு முன்தணிக்கை ஆணை பிறந்தது. ஹாரி டி'பென்ஹா தலைமைத் தணிக்கை அதிகாரியானார். செய்தி ஒலிபரப்புத் துறை இந்தர் குமார் குஜ்ராலிடமிருந்து வித்யா சரண் சுக்லாவின் கைக்கு மாறியது.

முன்தணிக்கை என்றால், அச்சுக்குப் போகும் முன் பக்கத்தின் புரூஃப் அதிகாரியின் மேசைக்குப் போக வேண்டும். அவர் வரிகளை அடிப்பார், அல்லது செய்தி முழுவதையும் நிறுத்துவார். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. புரூஃப் திரும்பிவரும் நேரத்தில் அச்சு இயந்திரம் காத்திருக்கும். அடிபட்ட இடத்தை நிரப்ப வேறு செய்தி கோக்க வேண்டும். வெளியூர்க் கட்டுகள் ரயிலைப் பிடிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு வெட்டும் பத்திரிகைக்குப் பணத்திலும் நேரத்திலும் நட்டம். ஆசிரியர்கள் தாங்களே முன்கூட்டி வெட்டத் தொடங்கியதற்கு அச்சம் மட்டுமல்ல, அன்றாடம் நேர்ந்த இந்த நெருக்கடியும் காரணம்.

முதல் எதிர்ப்பு வெற்றிடத்தின் வடிவில் வந்தது. ஜூன் 28 அன்று 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கம் வரும் இடத்தை வெறுமையாக விட்டது. வெற்றிடம் செய்தி எதையும் சொல்வதில்லை. இங்கே ஒரு கை புகுந்திருக்கிறது என்பதை மட்டும் காட்டும். அரசு அதை நன்றாகவே புரிந்துகொண்டது. வெற்றிடம் விடுவதும், காந்தி, தாகூர், நேரு போன்றோரின் பழைய வரிகளை எடுத்துப் போடுவதும் வழிகாட்டு நெறிகளால் தடுக்கப்பட்டன. தணிக்கை செய்வதோடு, தணிக்கை நடப்பது தெரியாமலும் இருக்க வேண்டும் என்று அரசு விரும்பியது. அதன் பிறகு குறிப்பு எழுத்துக்கு மிஞ்சிய வழி, முழுதாக நிரம்பிய பக்கத்துக்குள்ளேயே பேசுவதுதான்.

அதே ஜூன் 28 அன்று 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வின் பம்பாய்ப் பதிப்பில் வெளிவந்த மரண அறிவிப்பு பரவலாக அறியப்பட்டது. இறந்தவர் பெயர் டி.இ.எம். ஓ'கிரேசி, மனைவி டி. ரூத், மகன் எல்.ஐ. பெர்ட்டி. எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் ஜனநாயகமும் உண்மையும் விடுதலையும் வரும். இறந்த நாள் ஜூன் 26. கட்டணம் செலுத்திக் கொடுக்கும் வரி விளம்பரங்கள் ஆசிரியர் மேசைக்கு வருவதில்லை என்பதால் அது தப்பியது. தணிக்கையின் கண் செய்தியின் மீதும் தலையங்கத்தின் மீதும் பதிந்திருக்கும்போது, அது பார்க்காத மூலையில் வாசகர் தேட வேண்டியிருக்கிறது.

'முரசொலி' வெளியிட்ட பட்டியல்

நெருக்கடி நிலையை எதிர்த்த தி.மு.க. அரசு 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டது. அன்றிரவு முதல் தமிழ்நாடு முழுவதும் கட்சியினர் மிசா சட்டத்தில் கைதாகத் தொடங்கினார்கள். யார் பிடிபட்டார், யார் வெளியில் இருக்கிறார் என்பதை எந்தப் பத்திரிகையும் எழுத முடியாது. கைதானவர்களின் பெயர்களை வெளியிடுவது தடுக்கப்பட்ட செயல். ஒரு மாவட்டத்தில் நடந்தது அடுத்த மாவட்டத்துக்குத் தெரியாது.

மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 3, அண்ணாவின் நினைவு நாள். ஆண்டுதோறும் அன்று சென்னைக் கடற்கரையில் உள்ள அண்ணா சதுக்கத்துக்குச் சென்று மலர்வளையம் வைப்பது கட்சி வழக்கம். மு. கருணாநிதி 'முரசொலி'யில் ஒரு பட்டியலை வெளியிட்டார். இந்த ஆண்டு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்பது அதன் பொருள். அதன் கீழே மாவட்டவாரியாகப் பெயர்கள். வேறு எந்த விளக்கமும் இல்லை. படித்த தொண்டர், தன் ஊர் நிர்வாகி சிறையில் இருக்கிறார் என்பதை அறிந்துகொண்டார்.

இந்தப் பட்டியல் எப்படி வேலை செய்தது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அதில் பொய் கிடையாது. அவர்கள் உண்மையிலேயே வர இயலாதவர்கள். கைது, சிறை, மிசா, அரசு ஆகிய சொற்களில் ஒன்றுகூட இல்லை. நினைவஞ்சலி பற்றிய கட்சி அறிவிப்பைத் தடுக்க வழிகாட்டு நெறிகளில் இடமில்லை. அதிகாரி உட்பொருளை ஊகித்திருந்தாலும், அதை அடித்தால் இந்தப் பெயர்கள் எல்லாம் கைதானவர்களுடையவை என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். குறிப்பின் பலம் இங்கேதான் இருக்கிறது. அது அதிகாரிக்குப் புரியாமல் போக வேண்டும் என்பதில்லை. புரிந்தாலும் கை வைக்க முடியாமல் இருந்தால் போதும்.

வாசகர் பக்கம் வேறொன்று நடந்தது. நினைவு நாள் அறிவிப்பில் வருவோர் பெயர் இருக்கும். வராதவர்களைப் பெயர் பெயராக அடுக்கும் வழக்கம் எந்தக் கட்சியிலும் இல்லை. வழக்கத்துக்கு மாறான அந்த ஒன்றுதான் படிப்பவரை நிறுத்தியது. அடுத்து, பட்டியலில் தான் நேரில் அறிந்த ஒரு பெயரைத் தேடினார். அவரைப் போலீஸ் அழைத்துப் போனதைத் தெருவே பார்த்திருக்கிறது. அந்த ஒரு பெயர் உறுதியானதும், தான் அறியாத மற்றப் பெயர்களுக்கும் அதுவே பொருள் என்று கொண்டார். தெரிந்த ஒன்றைச் சாவியாக வைத்துத் தெரியாதவற்றைத் திறக்கும் இந்த வாசிப்புதான் குறிப்பெழுத்தை நம்பகமாக்குகிறது.

அதே காலத்தில் 'முரசொலி' வெண்டைக்காய், விளக்கெண்ணெய் போன்றவற்றின் குணங்களையும் எழுதியது. அதுவரை அரசியல் கொதித்துக்கொண்டிருந்த பக்கத்தில் இத்தகைய செய்தி வந்தால், எழுத விடவில்லை என்பது தவிர அதற்கு வேறு பொருள் இருக்க முடியாது. 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' வெற்றிடத்தால் சொன்னதை இது நிரம்பிய பக்கத்தால் சொன்னது. ஆனால் பட்டியலோடு ஒப்பிட்டால் இது எளிய உத்தி. எதிர்ப்பைத் தெரிவிக்கிறதே தவிர வாசகருக்குத் தகவல் எதையும் தருவதில்லை.

சுயதணிக்கையைப் படிப்பது

குறிப்பை விடக் கண்டுபிடிக்கக் கடினமானது சுயதணிக்கை. வழிகாட்டு நெறிகளே, அபாயமான செய்தியைப் பத்திரிகைகள் தாமாகவே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும், ஐயம் வந்தால் மட்டும் அதிகாரியைக் கேட்கலாம் என்றும் கூறின. ஆசிரியருக்கு எல்லை எங்கே என்று தெரியாது. தெரியாத எல்லைக்குப் பல அடி முன்பாகவே அவர் நின்றுவிட்டார். சட்டம் உண்மையில் அவ்வளவு தூரம் தடுக்கவில்லை என்பது நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. 'ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்' என்ற சிறு இதழின் ஆசிரியர் மினு மசானி, தன் இதழுக்கான பகுதிகளைத் தடுத்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அரசைக் குறை கூறுவதே குற்றமாகாது என்று 1976 பிப்ரவரி 10 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பெரிய நாளிதழ்கள் பல, வழக்கறிஞர்களும் வசதியும் இருந்தும், இந்தப் பாதையில் இறங்கவில்லை. இது எளிதில் மன்னிக்கக்கூடியது அல்ல என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

சுயதணிக்கை செய்த இதழில் வாசகருக்கு வழக்கத்துக்கு மாறான எதுவும் கிடைக்காது. வழக்கமாக இருக்க வேண்டியது இருக்காது. நாடாளுமன்றச் செய்தி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1975 ஜூலையில் கூடிய கூட்டத்தொடருக்கு, அமைச்சர்கள் பேச்சை வெளியிடலாம், மற்ற உறுப்பினர்களின் பெயரையும் கட்சியையும் மட்டும் குறிப்பிடலாம் என்று விதி வந்தது. அதனால் ஒரு செய்தியில் அமைச்சரின் விளக்கம் நீளமாக வரும்; எதிர்த்தரப்பில் இன்னார் இன்னார் பேசினார் என்பதோடு முடியும். கவனமுள்ள வாசகர் அமைச்சரின் பதிலைத் தலைகீழாகப் படித்தார். எதை மறுக்கிறார் என்று பார்த்தால், என்ன குற்றம் சாட்டப்பட்டது என்பது தெரியும். ஓர் ஊரில் அமைதி நிலவுகிறது என்ற அறிக்கை வந்தால், அதற்கு முன் அங்கே அமைதி கெட்ட செய்தி எதுவும் வரவில்லையே என்று நினைத்தார்.

தவறான வாசிப்பும் எல்லைகளும்

இந்தப் பழக்கத்தில் ஓர் ஆபத்து உண்டு. எல்லாவற்றிலும் குறிப்பு இருக்கிறது என்று நம்பத் தொடங்கினால், அச்சுப் பிழையும் கடைசி நிமிடத்தில் விலகிய விளம்பரமும்கூடச் செய்தியாகிவிடும். அரசியல் தத்துவ அறிஞர் லியோ ஸ்ட்ராஸ், ஒடுக்குமுறைக் காலத்து எழுத்தைப் பற்றி 1952இல் வெளிவந்த நூலில், வரிகளுக்கு இடையே படிப்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றார். நேரடியாகப் படிப்பது போதிய துல்லியம் தருமானால் மறைபொருள் தேடக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். 'முரசொலி' பட்டியல் இந்தச் சோதனையில் தேறுகிறது: நேர்ப்பொருளில் அது அர்த்தமற்ற அறிவிப்பு, குறிப்புப் பொருளில் மட்டுமே அதை வெளியிட்டதற்குக் காரணம் கிடைக்கிறது. நாளும் இடமும் பெயர்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

மற்றோர் எல்லை குறிப்பெழுத்திலேயே இருக்கிறது. ஏற்கெனவே பாதி தெரிந்தவருக்கே அது எட்டும். கட்சிக்கு வெளியே இருந்த ஒருவர் அந்தப் பட்டியலை அன்று பார்த்திருந்தால் பக்கத்தைப் புரட்டியிருப்பார். அதோடு, குறிப்பு ஒரு விவரத்தைச் சுமக்கும். நடந்த கதையைச் சுமக்காது. பட்டியல் வெளியான அதே நாட்களில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டார்கள். மு.க. ஸ்டாலின் மீது விழுந்த அடிகளைத் தாங்கியவர் என்று உடனிருந்தோர் நினைவுகூரும் முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதை அந்தப் பெயர் வரிசை சொன்னது. அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்ல அப்போது எந்த உத்தியும் போதவில்லை. தணிக்கை நீங்கி, 1977 மார்ச்சில் நெருக்கடி நிலையும் முடிந்த பின், நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம் கைதிகளையும் சிறை அலுவலர்களையும் விசாரித்தது. அந்தச் சிறையில் நடந்தது அப்போதுதான் நேரடிச் சொற்களில் பதிவானது.