குக்கலோரிஸ் என்கிற குக்கி

யூனிட்டி மென்பொருளில் கணினி விளையாட்டு செய்பவர்கள் ஒரு விளக்கைத் தேர்ந்தெடுத்தால், அதன் பண்புகள் பட்டியலில் `Cookie` என்றொரு கட்டம் வரும். அதில் கருப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டால், அந்தப் படத்தைக் கடந்து வந்ததுபோல் வெளிச்சம் சுவரில் விழும். வெள்ளை உள்ள இடத்தில் ஒளி, கருப்பு உள்ள இடத்தில் நிழல். காட்சியில் சன்னலே இல்லாமல் சன்னல் நிழலும், மரமே இல்லாமல் மரநிழலும் கிடைக்கும். இதே படத்தைச் சிலர் கோபோ என்கிறார்கள். இரண்டு பெயரும் ஒரே பொருளுக்கு எப்படி வந்தன?

குக்கி என்பது தின்கிற குக்கி அல்ல. ஹாலிவுட் படப்பிடிப்புத் தளங்களில் வழங்கிய குக்கலோரிஸ் என்ற நீண்ட பெயர், வாயில் தேய்ந்து குக்கி ஆனது. ஒட்டுப்பலகையில் ஒழுங்கில்லாத ஓட்டைகளை வெட்டி, விளக்குக்கும் நடிகருக்கும் நடுவே ஒரு ஸ்டாண்டில் நிறுத்துவார்கள். வெறும் சுவரில் தட்டையாக விழும் விளக்கொளி அதனால் உடைந்து, திட்டுத்திட்டாகப் பரவும்.

இந்தப் பெயரின் பிறப்புக்கு இரண்டு கதைகள் உண்டு. ஜார்ஜ் குக்கர் என்ற இயக்குநரின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒன்று. 'ஒளியை உடைப்பது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் என்பது மற்றொன்று. முதல் கதைக்கு ஒலி ஒப்புமையைத் தவிர வேறு ஆதாரம் தென்படவில்லை. இரண்டாவது கதை கிரேக்கத்திலேயே நிற்காது. அந்த மொழியில் ஒளிக்குச் சொல் 'போஸ்', நிழலுக்குச் சொல் 'ஸ்கியா'. இரண்டின் சாயலும் குக்கலோரிஸில் இல்லை.

உண்மையான தடயம் எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. குக்கலோரிஸ், குகோலோரிஸ், குக்கலோரஸ் என்று அச்சில் இந்தச் சொல் பல உருவங்களில் வருகிறது. அமெரிக்காவின் வில்மிங்டன் நகரில் நடக்கும் திரைப்பட விழாவின் பெயர் குக்கலோரஸ். ஏட்டிலிருந்து தளத்துக்கு வந்த சொல்லுக்கு இத்தனை உருவம் வராது. விளக்குப் பிடிப்பவர்கள் காதால் கேட்டு வாயால் வளர்த்த சொல் என்பதையே இது காட்டுகிறது. பலகைக்குப் பதிலாக நிஜ மரக்கிளையை ஒடித்து ஸ்டாண்டில் கட்டினால், அதற்கு 'பிராஞ்சலோரிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கிளைக்கான ஆங்கிலச் சொல்லோடு குக்கலோரிஸின் வாலை ஒட்டிய கேலிப் பெயர் அது.

கோபோவின் கதை வேறு. இது 'ஒளியியல் கருவிக்கு முன்னால் போவது' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம் என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் அமெரிக்கப் படப்பிடிப்பு நிலையங்களில் கோபோ என்பது, வேண்டாத ஒளி கேமராவில் படாமல் மறைக்கும் தட்டியையும் குறித்தது, வேண்டாத ஓசை மைக்கில் சேராமல் தடுக்கும் தட்டியையும் குறித்தது. இன்றும் ஒலிப்பதிவுக் கூடத்தில் டிரம்ஸைச் சுற்றி நிறுத்தும் பஞ்சுத் தடுப்புக்குக் கோபோ என்றுதான் பெயர். ஓசைத் தட்டிக்கு ஒளியியல் எங்கே வந்தது? முதலெழுத்து விளக்கம் பின்னால் வந்தவர்கள் சொல்லுக்குப் பொருத்திய சட்டை. அகராதிகள் 'பிறப்பு தெரியவில்லை' என்று போட்டிருப்பதே நேர்மையான விடை.

மறைக்கும் தட்டி, உருவம் காட்டும் தகடாக மாறியது நாடக மேடையில். 1933-இல் ஜோசப் லெவியும் எட்வர்ட் குக்கும் லெக்கோ என்ற விளக்கைக் கொண்டுவந்தார்கள். இருவர் பெயரின் முன்பகுதிகளும் சேர்ந்ததே லெக்கோ. இந்த வகை விளக்குக்குள் ஒளி ஒடுங்கிக் கடக்கும் வாயில் ஒன்று உண்டு. அங்கே உருவம் வெட்டிய சிறு உலோகத் தகட்டைச் செருகினால், முன்னால் இருக்கும் லென்ஸ் அந்த உருவத்தைப் பெரிதாக்கி மேடையில் காட்டும். அந்தத் தகட்டுக்குக் கோபோ என்ற பெயர் நிலைத்தது.

ஆக, தொழிலில் இரண்டும் இரண்டு பொருள்கள். கோபோ விளக்குக்குள் இருப்பது. லென்ஸைத் திருகி அதன் விளிம்பைக் கூர்மையாக்கலாம், மங்கலாக்கலாம். குக்கி விளக்குக்கு வெளியே நிற்பது. அதைத் திருத்த லென்ஸ் கிடையாது, தூரம்தான் உண்டு. சுவருக்கு அருகே நகர்த்தினால் நிழல் கூர்மையாகும், விளக்குக்கு அருகே நகர்த்தினால் கரையும்.

கணினிக்குள் வந்தபோது இந்த வேறுபாடு அழிந்தது. 1992-இல் மார்க் சீகல் முதலானோர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, ஸ்லைடு புரொஜெக்டர்போல் ஒரு படத்தைக் காட்சிமீது வீசும் வழியை விளக்கியது. சுவரின் ஒவ்வொரு புள்ளியும் விளக்கிலிருந்து பார்த்தால் படத்தின் எந்த இடத்தில் அமைகிறது என்று கணக்கிட்டு, அந்த இடத்தின் வெளுப்பால் ஒளியைப் பெருக்குவது அதன் சாரம். வழிமுறை கோபோவினுடையது, யூனிட்டி வைத்த பெயர் குக்கி. ஆனால் இங்கே திருக லென்ஸும் இல்லை, நகர்த்தப் பலகையும் இல்லை. நிழலின் மங்கல் எவ்வளவோ, அதைப் படத்திலேயே வரைந்து வைக்க வேண்டும்.

எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சூரியன் நம் கண்ணுக்கு ஏறத்தாழ அரை டிகிரி அகலம். அதனால் நிழல் விளிம்பின் மங்கல், மறைக்கும் பொருளுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தில் சுமார் 108-இல் ஒரு பங்கு. சன்னல் கம்பி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருந்தால் மங்கல் சுமார் 2.8 சென்டிமீட்டர். யூனிட்டியில் 30 டிகிரி ஸ்பாட் லைட்டைச் சுவருக்கு நேராக 4 மீட்டரில் வைத்தால், ஒளிவட்டம் 2.14 மீட்டர் அகலம் வரும். படம் 512 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் சுவரில் 4 மில்லிமீட்டர் சொச்சம். அப்படியானால் கம்பியின் விளிம்பு கருப்பிலிருந்து வெள்ளைக்கு மாற 7 பிக்சல் எடுக்க வேண்டும். ஒரே பிக்சலில் மாறினால், பார்ப்பவர் கண்ணுக்கு அது வெயிலாகத் தெரியாது, டார்ச் முன்னால் பிடித்த அட்டையாகத் தெரியும். படத்தின் நாலு ஓரமும் கருப்பாக இருந்து `Wrap Mode`, `Clamp` என்று இருக்க வேண்டும். ஓரத்தில் வெள்ளை மிச்சமிருந்தால், அது படத்தின் எல்லைக்கு வெளியே கோடாக இழுபடும்.

மரநிழலில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். இலை வடிவங்களைக் கூர்மையாக வெட்டி வைக்கிறார்கள். 10 மீட்டர் உயரக் கிளையில் இலைகளுக்கு நடுவே உள்ள சிறு இடுக்கு, ஊசித்துளைக் கேமராவின் வேலையைச் செய்கிறது. தரையில் விழுவது இடுக்கின் வடிவம் அல்ல, சூரியனின் பிம்பம். அது 9 சென்டிமீட்டர் அகல வட்டம், சாய்ந்த வெயிலில் நீள்வட்டம். பகுதி சூரிய கிரகணத்தன்று மரத்தடியெங்கும் பிறைகளாக விழுவது இதனால்தான். எனவே மரநிழல் குக்கியில் வரைய வேண்டியது இலைகளை அல்ல, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய மங்கலான வட்டங்களை.

இந்த வித்தைக்கு எல்லையும் உண்டு. வெயிலில் நடக்கும் ஒருவர் சன்னலை நெருங்க நெருங்க, அவர் சட்டையில் விழும் கம்பி நிழல் கூர்மையாக வேண்டும். வரைந்த மங்கல் தூரத்தைப் பார்த்துத் தன்னை அப்படித் திருத்திக்கொள்ளாது. பாத்திரம் சன்னலருகே வரும் காட்சி என்றால், கம்பிகளை நிஜ உருவமாகச் செய்து கணினியையே நிழல் கணக்கிட விடுவது நல்லது. புரொஜெக்டர் கற்றைக்கும் குக்கி மட்டும் போதாது. காற்றில் கற்றை தெரியப் புகைமூட்டம் வேண்டும், மேடையானாலும் மென்பொருளானாலும்.

சொல் தளத்திலிருந்து கணினிக்கு வந்துவிட்டது, தூரம் வரவில்லை. குக்கி வரைய உட்காருபவர் ஓட்டையின் வடிவத்தை யோசிக்கும் முன், அந்த ஓட்டை சுவரிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.